49-இல் நெரிசல், 50-இல் வெறுமை: ஒரு எம்எஸ்டி ரீஜன் சத்தமில்லாமல் பிரிந்த கதை

புகார் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. எங்களிடம் ஆறு அக்சஸ் ஸ்விட்சுகள். அதில் ஆறாவதன் கீழ் இருப்பவர்கள் மட்டும், மதியம் ஆனால் எல்லாம் இழுக்கிறது என்றார்கள். ஃபைல் காப்பி நின்று நின்று போகிறது, காலில் குரல் வெட்டி வெட்டி வருகிறது. காலையில் ஒன்றும் இல்லை, மாலை ஐந்துக்கு மேல் தானாகவே சரியாகிவிடுகிறது. மற்ற ஐந்து ஸ்விட்சுகளில் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

கண்காணிப்புத் திரையில் அந்த ஸ்விட்சின் கிராஃபைத் திறந்ததும் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. வழக்கமாக அங்கே இரண்டு கோடுகள் அண்ணன் தம்பி போல ஒட்டி ஓடும். இப்போது ஒன்று உச்சியைத் தொட்டுத் தட்டையாக நிற்கிறது, இன்னொன்று தரையோடு தரையாகக் கிடக்கிறது. தேதியைப் பின்னால் நகர்த்திப் பார்த்தால் ஒன்பது நாளாக அப்படித்தான். லிங்க் விழுந்தால் அலாரம் அடிக்கும்படி வைத்திருந்தோம். லிங்க் எழுந்து நின்றுகொண்டே வேலை செய்யாமல் இருந்தால் அடிக்க ஏதும் வைக்கவில்லை.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலே D1, D2 என்று இரண்டு ஸ்விட்சுகள், இரண்டுக்கும் நடுவே 10 ஜிகாபிட் இணைப்பு. கீழே A1 முதல் A6 வரை. ஒவ்வொரு அக்சஸ் ஸ்விட்சிலிருந்தும் இரண்டு 1 ஜிகாபிட் அப்லிங்க்: போர்ட் 49 D1-க்கு, போர்ட் 50 D2-க்கு. D1-ஐயும் D2-ஐயும் ஒரே ஸ்விட்ச் போலச் சேர்த்துக் காட்டும் வசதி இருந்திருந்தால் இரண்டு அப்லிங்க்கையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டிருப்போம், இந்தக் கட்டுரையே வந்திருக்காது. எங்கள் சாதனங்களில் அது இல்லை. ஆகவே முக்கோணம், முக்கோணம் என்றால் லூப், லூப் என்றால் ஸ்பேனிங் ட்ரீ.

ஒரே மரம் இருந்தால் ஒரு அப்லிங்க் முழுக்க அடைபட்டுக் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது இழை, முதலாவது அறுந்தால்தான் உயிர் பெறும். வீலானுக்கு ஒரு மரம் என்று போட்டால் பாரத்தைப் பிரிக்கலாம்தான். ஆனால் எங்களிடம் 36 வீலான்கள் இருந்தன, அதற்கு 36 மரங்கள் ஓட வேண்டும். யோசித்துப் பார்த்தால் அப்லிங்க் இரண்டே இரண்டு. உருப்படியாக வேறுபடும் வடிவங்களும் இரண்டே இரண்டு. 2002-இல் 802.1s என்று வந்து, பிறகு 802.1Q-க்குள்ளேயே சேர்ந்துவிட்ட எம்எஸ்டி சொல்வது இதைத்தான்: தேவையான அளவு மரங்களை மட்டும் வைத்துக்கொள், ஒவ்வொரு மரத்திலும் ஒரு கூட்டம் வீலான்களைக் கட்டிவிடு. அந்த மரத்துக்குப் பெயர் இன்ஸ்டன்ஸ். ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு இந்த மரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்விட்சுகளின் கூட்டத்துக்குப் பெயர் ரீஜன்.

எங்கள் ஸ்விட்சுகள் அத்தனையிலும் இருந்தது இதுதான்:

```
spanning-tree mode mst
spanning-tree mst configuration
 name CAMPUS
 revision 1
 instance 1 vlan 110-127
 instance 2 vlan 128-145
```

D1-இல் இன்ஸ்டன்ஸ் 0-க்கும் 1-க்கும் பிரையாரிட்டி 24576, 2-க்கு 28672. D2-இல் அப்படியே தலைகீழ். ஆக 110 முதல் 127 வரை D1 ரூட், 128 முதல் 145 வரை D2 ரூட். A6-இன் கண்ணிலிருந்து பார்த்தால், இன்ஸ்டன்ஸ் 1-இல் போர்ட் 49 திறந்து 50 அடைபட்டிருக்கும். இன்ஸ்டன்ஸ் 2-இல் 50 திறந்து 49 அடைபட்டிருக்கும். இரண்டு லிங்க்கும் வேலை செய்யும், லூப்பும் இல்லை. ஒரு லிங்க் அறுந்தால் இரண்டு கூட்டமும் மற்றதற்கு மாறிக்கொள்ளும்.

இதோடு சேர்ந்தே செய்ய வேண்டிய ஒன்றை நாங்கள் ஆரம்பத்தில் கோட்டை விட்டோம். வீலான்களின் கேட்வே எல்லாம் D1-இலேயே ஆக்டிவாக இருந்தது. இன்ஸ்டன்ஸ் 2-இன் ட்ராஃபிக் D2 வழியாக ஏறி, கேட்வேயைத் தேடிப் பக்கவாட்டில் D1-க்குப் போனது. அப்லிங்க் கிராஃப் அழகாகத்தான் இருந்தது, நடு இணைப்புதான் காரணமில்லாமல் சுமந்தது. பிறகு 128 முதல் 145 வரைக்கான கேட்வேயை D2-இல் ஆக்டிவாக மாற்றினோம். ரூட் எங்கேயோ கேட்வேயும் அங்கே. இது பிறகு இந்தக் கதையிலும் திரும்ப வரும்.

சரி, புகாருக்கு வருவோம். உச்ச நேரத்தில் A6-க்கு 49 வழியாகச் சுமார் 560 மெகாபிட்டும் 50 வழியாகச் சுமார் 520 மெகாபிட்டும் போவது வழக்கம். கூட்டினால் 1080. அதை ஒரே 1 ஜிகாபிட் குழாயில் ஊற்றினால் மதியம் மட்டும் வழியும், காலையும் மாலையும் வழியாது. புகாரின் நேரக்கணக்கு அப்படியே பொருந்தியது.

முதலில் A6-இன் போர்ட் 49-இல் டிராப் தேடினோம், பூஜ்யம். இங்கே அரை மணி நேரம் வீணானது. பயனர்கள் பெரும்பாலும் இறக்குகிறார்கள், ஏற்றுவதில்லை. பாக்கெட் விழுவது அனுப்பும் பக்கத்தின் வரிசையில். அனுப்பும் பக்கம் D1. அங்கே A6-ஐ நோக்கிய போர்ட்டில் `Total output drops` எண் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த கேள்வி, 50 ஏன் சும்மா இருக்கிறது? A6-இல் இன்ஸ்டன்ஸ் 2-ஐக் கேட்டோம்.

```
A6# show spanning-tree mst 2
##### MST2    vlans mapped:   128-145
Root          this switch for MST2

Interface   Role Sts Cost   Prio.Nbr Type
Gi1/0/49    Mstr FWD 20000  128.49   P2p Bound(RSTP)
Gi1/0/50    Altn BLK 20000  128.50   P2p Bound(RSTP)
```

தேவையில்லாத வரிகளை நீக்கிவிட்டேன். மிச்சமிருப்பதில் மூன்று இடங்கள் உறுத்த வேண்டும். ஒன்று, `this switch`: கீழே கிடக்கும் ஒரு அக்சஸ் ஸ்விட்ச், இன்ஸ்டன்ஸ் 2-க்கு நான்தான் ரூட் என்கிறது. D2-இன் 24576 அதன் காதிலேயே விழவில்லை. இரண்டு, `Mstr`: மாஸ்டர் போர்ட் என்றால் என் ரீஜனை விட்டு வெளியே, ஒட்டுமொத்த ரூட்டை நோக்கிப் போகும் வாசல் என்று பொருள். மூன்று, `Bound(RSTP)`: இந்த போர்ட்டுக்கு அந்தப் பக்கம் வேறு ரீஜன், அவர்களோடு நான் ஆர்எஸ்டிபி அளவில் மட்டுமே பேசுகிறேன் என்பது. நல்ல நிலையில் இருந்திருந்தால் அங்கே வெறும் `P2p` மட்டும் இருந்திருக்கும்.

ஆக A6 தனி ரீஜன் ஆகிவிட்டது, தன்னந்தனியாக.

ரீஜன் ஒன்றா என்பதை ஸ்விட்சுகள் மூன்று விஷயங்களை வைத்து முடிவு செய்கின்றன: பெயர், ரிவிஷன் எண், எந்த வீலான் எந்த இன்ஸ்டன்ஸில் என்ற அட்டவணை. அட்டவணையை அப்படியே அனுப்பினால் பெரிது, 4096 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட். அதனால் முழு அட்டவணையையும் எச்மேக்-எம்டி5-இல் போட்டுப் பிழிந்து 16 பைட் டைஜஸ்ட்டாக, மரம் கட்ட ஸ்விட்சுகள் பரிமாறிக்கொள்ளும் ஒவ்வொரு பிபிடியுவிலும் வைக்கிறார்கள். ஒரே ஒரு வீலான் இடம் மாறினாலும் டைஜஸ்ட் அடியோடு வேறாகிவிடும். வந்த டைஜஸ்ட்டைப் பார்த்து "வேறு" என்று மட்டும்தான் சொல்ல முடியும், எந்த வீலானில் வித்தியாசம் என்று எந்த ஸ்விட்சாலும் சொல்ல முடியாது. எங்கள் ஸ்விட்சுகள் இதற்கு லாக்கில் ஒரு வரிகூட எழுதவில்லை. அவற்றின் பார்வையில் இது பிழையே அல்ல. பக்கத்தில் வேறு ரீஜன் இருப்பது சட்டப்படி சரியான நிலைதான்.

D1-இலும் A6-இலும் `show spanning-tree mst configuration digest` அடித்தோம். பெயர் ஒன்று, ரிவிஷன் ஒன்று, டைஜஸ்ட் மட்டும் வேறு. அட்டவணைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் D1-இல் இன்ஸ்டன்ஸ் 2 `128-146`, A6-இல் `128-145`.

146. ஒன்பது நாளுக்கு முன்பு சேர்த்த புது வீலான். வேலைச்சீட்டைத் தோண்டி எடுத்தேன். செய்தவர் கவனக்குறைவானவர் அல்ல, ஒழுங்காகவே செய்திருக்கிறார். புது வீலான் A1 முதல் A5 வரைதான் தேவை, A6-இன் கீழ் அதற்கு ஆளே இல்லை. ஆகவே D1, D2, A1 முதல் A5 வரை ஏழு ஸ்விட்சுகளில் வீலானை உருவாக்கி, டிரங்க்கில் அனுமதித்து, இன்ஸ்டன்ஸ் 2-இல் சேர்த்திருக்கிறார். இல்லாத வீலானுக்கு A6-இல் எதற்குக் கை வைக்க வேண்டும்? வீலான் கணக்கில் அது சரியான தர்க்கம், ரீஜன் கணக்கில் தவறு. அட்டவணைக்கு அந்த வீலான் அந்தப் பெட்டியில் இருக்கிறதா இல்லையா என்ற கவலை கிடையாது. 4096 இடங்களும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அவ்வளவுதான். நானாக இருந்தாலும் அந்த இரவில் அதையேதான் செய்திருப்பேன்.

ரிவிஷன் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மாற்றத்தின்போது தானாக ஏறாது. பெரிய எண் வைத்திருப்பவர் பேச்சைச் சின்ன எண்காரர் கேட்டு அட்டவணையை மாற்றிக்கொள்ளவும் மாட்டார். வேறொரு நெறிமுறையில் ரிவிஷனுக்கு அந்த அதிகாரம் உண்டு, அந்த நினைவில் பலர் இங்கேயும் அதை நம்புகிறார்கள். இங்கே அது வெறும் ஒட்டுச்சீட்டு. ஒட்டாவிட்டால் பிரிவீர்கள், ஒட்டினாலும் டைஜஸ்ட் வேறானால் பிரிவீர்கள். பெயரிலோ பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமே போதும்.

எல்லாப் பாரமும் ஏன் 49-இல் போய் விழுந்தது என்பது எனக்குப் பிடித்த பகுதி. ரீஜனுக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே எத்தனை மரங்கள் என்று தெரியாது. முழு ரீஜனும் அவருக்கு ஒரே பெரிய ஸ்விட்ச். D1-உம் D2-உம் இன்னும் ஒரே ரீஜனில்தான் இருந்தன. இன்ஸ்டன்ஸ் 0-இன் ரூட் D1, அதற்குப் போகும் வெளிச்செலவு D1-இலும் 0, D2-இலும் 0, ஏனென்றால் ரீஜனுக்குள் நடக்கும் பயணத்துக்கு வெளிச்செலவு கிடையாது. A6-க்கு இரண்டு போர்ட்டிலும் 20000. சமம். சமமானால் அடுத்து, அந்தப் பக்கம் பேசுகிற ஸ்விட்சின் ஐடியில் எது சிறியது என்று பார்ப்பார்கள். இன்ஸ்டன்ஸ் 0-இல் D1 24576, D2 28672. D1 ஜெயித்தது. 49 ரூட் போர்ட், 50 மாற்று போர்ட்.

இந்த முடிவு இன்ஸ்டன்ஸ் 0-க்கு மட்டும் எடுத்தது. ஆனால் எல்லைப் போர்ட்டில் மற்ற இன்ஸ்டன்ஸ்களுக்குத் தனிக் குரல் இல்லை. 0-க்கு என்ன நிலையோ அதுவே 1-க்கும் 2-க்கும். 50-இல் வாசல் மூடியதும் அத்தனை வீலானுக்கும் மூடியது. கூடவே, 128 முதல் 145 வரைக்கான கேட்வே இன்னும் D2-இல்தான். ஆகவே அந்த ட்ராஃபிக் D2-இலிருந்து நடு இணைப்பு வழியாக D1-க்கு வந்து, அங்கே ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்த வரிசையில் போய் நின்றது. D1-இன் போர்ட்டில் மட்டும் டிராப் ஏறியதன் காரணம் அதுதான்.

இவ்வளவு நடந்தும் எந்த வீலானும் சாகவில்லை, ஒரு பிங்கும் நிற்கவில்லை. ரீஜன் பிரிந்தால் இணைப்பு போகாது, பங்கீடு மட்டும் போகும். எம்எஸ்டியின் நல்ல குணமும் அதுதான், ஒன்பது நாள் எங்கள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணமும் அதுதான்.

காரணம் தெரிந்தாலும் பகலில் மரத்தில் கை வைக்க அனுமதி இல்லை, இரவு வரை காத்திருக்க வேண்டும். ஷிஃப்டில் இருந்த தம்பி ஒருவர் கேட்டார், "அதுவரைக்கும் 49 டிரங்க்ல இருந்து 128 டு 145 எடுத்துடலாமா சார்? வேற வழி இல்லாம அது 50-க்குப் போயிடும்ல?"

"போகாதுப்பா, செத்துடும்" என்றேன். முகம் நம்பவில்லை, அதனால் போர்டில் வரைந்து காட்டினேன். எம்எஸ்டியின் பிபிடியு எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அது டேக் இல்லாமல் போகும். உள்ளே ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் 16 பைட் பதிவு ஒன்று இருக்கும். டிரங்க்கில் எந்த வீலானை அனுமதித்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது, அதற்குக் கவலையும் இல்லை. 49-இல் வீலானை எடுத்தாலும் மரம் 49 திறந்தது, 50 அடைத்தது என்றேதான் நினைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பதினெட்டு வீலானும் திறந்த வாசலில் அனுமதி இல்லாமலும், அனுமதி உள்ள வாசல் திறக்காமலும் நடுவில் நிற்கும். ரீஜன் சரியாக இருக்கும்போதும் இதே ஆபத்து உண்டு: இன்று எதுவும் தெரியாது, ஒரு அப்லிங்க் அறுந்து மரம் மாறும் அன்று மொத்தமாகப் போகும். வீலானுக்கு ஒரு மரம் ஓடும் அமைப்பில் பழகிய கை, பாரத்தைப் பிரிக்க டிரங்க்கைத்தான் தேடும். எம்எஸ்டியில் ஒரு இன்ஸ்டன்ஸில் உள்ள வீலான்கள் எல்லாம் இரண்டு அப்லிங்க்கிலும் அனுமதிக்கப்பட்டே இருக்க வேண்டும்.

இரவில் செய்த திருத்தம் நான்கு வரி.

```
A6(config)# spanning-tree mst configuration
A6(config-mst)# instance 2 vlan 146
A6(config-mst)# show pending
A6(config-mst)# exit
```

`exit` அடிக்கும்வரை ஒன்றும் மாறாது; அதற்கு முன் `show pending` காட்டுவதை D1-இன் அட்டவணையோடு கண்ணால் ஒப்பிட்டோம். பிடிக்கவில்லை என்றால் `abort` இருக்கிறது. வெளியேறியதும் டைஜஸ்ட் பொருந்தியது, `Bound` மறைந்தது, இன்ஸ்டன்ஸ் 2-இன் ரூட்டாக D2 வந்து உட்கார்ந்தது, 50 ரூட் போர்ட் ஆனது. ஓடிக்கொண்டிருந்த பிங்கில் ஒன்று விடுபட்டது. மறுநாள் மதியம் கிராஃபில் கோடுகள் மறுபடியும் ஒட்டி ஓடின.

வேலை அங்கே முடிந்திருக்கலாம், ஆனால் இரண்டு விஷயங்கள் மனதில் இடறின.

முதலாவது, 1080 என்ற எண். A6-இன் 49 உண்மையாகவே அறுந்தாலும் இதே மதியம்தான் வந்திருக்கும். இரண்டு அப்லிங்க்கும் பாதிக்கு மேல் நிரம்பியபோதே மாற்றுப் பாதை என்பது பேச்சளவில்தான் இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. பாரத்தைப் பங்கிடும் வசதி இந்தக் குறையை அழகாக மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு அப்லிங்க்கிலும் 450 மெகாபிட் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வைத்தோம். கூடவே, ஒரு ஸ்விட்சின் இரண்டு அப்லிங்க்குகளில் ஒன்று மற்றதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் இன்னொன்று. A6-க்கு 10 ஜிகாபிட் அப்லிங்க் கேட்டு எழுதியிருக்கிறோம். எம்எஸ்டியால் இதற்கு மேல் உதவ முடியாது. பிரிவின் மிகச் சிறிய அலகு வீலான். ஒரே வீலான் ஒரு அப்லிங்க்கையே நிரப்பினால் அதை இரண்டாக வெட்ட இன்ஸ்டன்ஸ் எதுவும் இல்லை.

இரண்டாவது, ஒவ்வொரு புது வீலானுக்கும் எட்டு ஸ்விட்சுகளின் அட்டவணையைத் தொடும் வழக்கம். அதுவே நோய். அட்டவணையில் இடம் கொடுக்க வீலான் உருவாகியிருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே இரவில், இன்னும் பிறக்காத வீலான்களுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கினோம்:

```
spanning-tree mst configuration
 revision 2
 instance 1 vlan 110-127,200-299
 instance 2 vlan 128-199,300-399
```

மாற்றும்போது ஸ்விட்சுகள் ஒவ்வொன்றாகத் தனி ரீஜன் ஆகி, கடைசி ஸ்விட்ச் முடிந்ததும் மறுபடி ஒன்று சேர்ந்தன. நடுவில் பங்கீடு போனது, இணைப்பு போகவில்லை. இனி புது வீலானுக்கு எண் கொடுப்பதே பாதை கொடுப்பது: இன்ஸ்டன்ஸ் 1 பக்கம் லேசாக இருந்தால் 200-இலிருந்து ஒரு எண், 2 பக்கம் லேசாக இருந்தால் 300-இலிருந்து. எண்ணிக்கையைச் சமமாகப் பிரிப்பதில் அர்த்தம் இல்லை என்பதை எங்கள் கேமரா வீலான்களே காட்டின. மூன்றே மூன்று, ஆனால் மற்ற பதினைந்தின் எடை. கிராஃபைப் பார்த்துத்தான் எண் கொடுக்கிறோம்.

அதற்குப் பிறகு நான்கு வீலான்கள் பிறந்துவிட்டன, `mst configuration` பக்கம் யாரும் போகவில்லை. ஒரே ஒரு முறை டைஜஸ்ட் மாறியது, A3 பழுதாகி வேறு பெட்டி வைத்தபோது. புதுப் பெட்டி காட்டிய டைஜஸ்ட் `0xAC36177F50283CD4B83821D8AB26DE62`. இந்த எண்ணைப் பார்த்தால் தேடவே வேண்டாம்: எல்லா வீலானும் இன்ஸ்டன்ஸ் 0-இல் இருக்கும் தொடாத அட்டவணையின் டைஜஸ்ட் அது, எந்த நிறுவனத்துப் பெட்டியிலும் அதேதான் வரும். அந்தத் தம்பிதான் மாற்றிக்கொண்டிருந்தார். அப்லிங்க்கைச் செருகும் முன்பே பார்த்துவிட்டு, "சார், இதுக்கு இன்னும் அட்டவணையே போடல" என்றார்.